அந்த 6 எங்கேர்ந்து வந்துச்சு?

அக்கா பொண்ணு ஒரு கணக்கை முடிச்சுட்டு நோட்டை என் பக்கம் தள்ளினா. முதல் n எண்களோட வர்க்கங்களைக் கூட்டினா n(n+1)(2n+1)/6 வரும்னு இண்டக்‌ஷன்ல நிரூபிக்கணும், அதான் கணக்கு. n = 1க்கு சரிபார்த்திருக்கா, ஒரு எண் வரைக்கும் உண்மைன்னு வச்சுக்கிட்டு அடுத்த எண்ணுக்குக் கொண்டு போயிருக்கா, கடைசியில சின்னதா ஒரு பெட்டி போட்டு முடிச்சிருக்கா. ஒரு வரி கூட தப்பில்ல. சரியா இருக்குன்னு சொன்னேன். "சரியா இருக்குன்னு எனக்கும் தெரியுது மாமா, ஆனா இந்த 6 எங்கேர்ந்து வந்துச்சு? அந்த 2n+1 யாருக்கு எப்படித் தோணுச்சு? நான் எழுதின ப்ரூஃப்ல அது எங்கயுமே இல்லையே"ன்னா.

இந்தக் கேள்வி நியாயமானது, இண்டக்‌ஷன் படிச்ச எல்லாருக்கும் ஒரு தடவையாவது இந்தக் கடுப்பு வந்திருக்கும். விடையை யாரோ கையில கொடுத்துட்டு "இது சரியா பாரு"ன்னு சொல்ற மாதிரி இருக்கும், கண்டுபிடிச்ச திருப்தியே இருக்காது. அதனால அடுத்தடுத்த வித்தியாசங்களைக் கூட்டி விடையை எடுக்கிற டெலஸ்கோப்பிங் தான் உண்மையான வழி, இண்டக்‌ஷன் வெறும் கையெழுத்து வாங்குற வேலைன்னு ஒரு கட்சி இருக்கு, நானும் ரொம்ப நாளா அந்தக் கட்சி தான். ஆனா அவளுக்கு பதில் சொல்ல உக்காந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தப்போ அந்தக் கட்சியில முழுசா இருக்க முடியல. அதைத்தான் இங்க எழுதுறேன்.

எழுத வசதிக்காக மூணு பேரு வச்சுக்குவோம். 1 + 2 + … + n, அதாவது n(n+1)/2, அது T(n). வர்க்கங்களோட கூட்டல் S(n). கனங்களோட கூட்டல் C(n).

ஊகிச்சுப் பாத்தா

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இந்த ஃபார்முலாவை வெறுமனே பாத்தே ஊகிக்க முடியும், அது ஒண்ணும் பெரிய மாயம் இல்ல. S(n) வரிசையா 1, 5, 14, 30, 55. T(n) வரிசையா 1, 3, 6, 10, 15. ஒண்ணை இன்னொண்ணால வகுத்துப் பாருங்க: 1, 5/3, 14/6, 30/10, 55/15. சுருக்கினா 1, 5/3, 7/3, 3, 11/3. இதுல முழு எண்ணா நிக்குற 1ஐயும் 3ஐயும் கூட மூணுக்குக் கீழ எழுதிட்டோம்னா 3/3, 5/3, 7/3, 9/3, 11/3. மேல இருக்கிறது ஒற்றைப்படை எண்கள் வரிசையா வருது, அதாவது 2n+1. அப்போ S(n) = T(n) × (2n+1)/3, இதை விரிச்சு எழுதினா n(n+1)(2n+1)/6. அந்த 6ல இருக்கிற 2, T(n)ல இருந்து வந்தது, மீதி 3 இந்த விகிதத்துல இருந்து வந்தது.

இதைக் காட்டினதும் அவளுக்குப் பாதி சமாதானம் ஆச்சு. ஆனா உடனே அடுத்த கேள்வி, அஞ்சு எண்ணுக்கு இப்படி வந்தா ஆறாவதுக்கும் வரும்னு என்ன நிச்சயம்? சரியான இடத்துல பிடிச்சா. ஊகம் எவ்வளவு எளிசா ஏமாத்தும்ங்கிறதுக்கு இதே கணக்குலயே ஒரு உதாரணம் இருக்கு. (5n² − 7n + 4)/2ன்னு ஒரு ஃபார்முலா எடுத்துக்கோங்க. n = 1 போட்டா 1, n = 2 போட்டா 5, n = 3 போட்டா 14. மூணும் அச்சு அசலா S(n). நாலாவதுக்குப் போனா 28 வரும், ஆனா நமக்கு வேண்டியது 30. மூணு எண்ணுக்கு சரிபார்த்துட்டு "பேட்டர்ன் கிடைச்சுருச்சு"ன்னு எழுந்து போனவங்க இங்க மாட்டிக்குவாங்க.

இந்தத் தப்பு ஃபார்முலாவை இண்டக்‌ஷன் எப்படிப் பிடிக்குதுன்னு பாக்குறது நல்ல பயிற்சி, ஏன்னா பாடத்துல எப்பவுமே சரியான ஃபார்முலாவைத் தான் தருவாங்க, தப்பானதைக் கொடுத்து எங்க உடையுதுன்னு பாக்கச் சொல்லவே மாட்டாங்க. இண்டக்‌ஷன்ல நடுவுல இருக்கிற படியோட சாரம் என்ன? n−1 வரைக்கும் உள்ள கூட்டலோட n²ஐச் சேத்தா n வரைக்கும் உள்ள கூட்டல் வரணும். அதாவது ஃபார்முலாவுல n போட்டு வர்றதுல இருந்து n−1 போட்டு வர்றதைக் கழிச்சா, சரியா n² வரணும். நம்ம தப்பு ஃபார்முலாவுல கழிச்சா 5n − 6 வருது. n² வரணும், 5n − 6 வந்திருக்கு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் n² − 5n + 6, அது (n−2)(n−3). ஆக n = 2லயும் n = 3லயும் மட்டும் படி சரியா உக்காருது, வேற எங்கயும் உக்காராது. மூணு இடத்துல ஏன் பொருந்துச்சுன்னும் நாலாவதுல ஏன் விழுந்துச்சுன்னும் அந்த ஒரே வரி சொல்லிருச்சு. வெறும் கையெழுத்து வாங்குற வேலைன்னு சொன்னேன்ல, அந்த வேலை இவ்வளவு பேசும்னு எனக்கு அப்போ தான் உறைச்சது.

கழிச்சுக் கழிச்சுக் கூட்டுறது

சரி, ஊகமே இல்லாம நேரா கண்டுபிடிக்கிற வழிக்கு வருவோம். ஒருத்தர் தினமும் ராத்திரி கையிருப்பை மட்டும் எழுதி வைக்கிறார்னு வைங்க, அன்னிக்கு எவ்வளவு வந்துச்சுன்னு எழுதல. இன்னிக்கு இருப்புல இருந்து நேத்து இருப்பைக் கழிச்சா இன்னிக்கு வரவு. அப்போ ஒரு மாசத்தோட மொத்த வரவு வேணும்னா முப்பது வரவையும் கூட்ட வேண்டியதில்ல, கடைசி இருப்புல இருந்து ஆரம்ப இருப்பைக் கழிச்சாப் போதும். நடுவுல இருக்கிற ஒவ்வொரு இருப்பும் ஒரு தடவை கூட்டலாவும் ஒரு தடவை கழித்தலாவும் வந்து அடிபட்டுப் போயிடும். டெலஸ்கோப்பிங்னா இவ்வளவு தான். நாம கூட்ட வேண்டியது வரவு, நாம தேட வேண்டியது எந்த இருப்போட வித்தியாசம் அந்த வரவா வரும்ங்கிறது.

வர்க்கங்களைக் கூட்டணும், அதனால வித்தியாசத்துல k² வர்ற மாதிரி ஏதாவது வேணும். கனத்தை எடுத்தா அடுத்தடுத்த கனங்களோட வித்தியாசத்துல k³ அடிபட்டு k² நிக்கும்:

(k+1)³ − k³ = 3k² + 3k + 1

இதை k = 1ல இருந்து n வரைக்கும் எழுதி எல்லாத்தையும் கூட்டணும். இடது பக்கம் 2³ − 1³, 3³ − 2³, 4³ − 3³ன்னு போகும், நடுவுல எல்லாம் அடிபட்டு (n+1)³ − 1 மட்டும் மிஞ்சும். வலது பக்கம் 3k² எல்லாம் சேந்து 3S(n), 3k எல்லாம் சேந்து 3T(n), அப்புறம் அந்த 1 இருக்கே, அது n தடவை வருது, அதனால n. ஆக:

(n+1)³ − 1 = 3S(n) + 3T(n) + n

இங்க நிறுத்தி ஒரு எண்ணைப் போட்டுப் பாக்கிறது நல்லது. n = 4 எடுத்தா இடது பக்கம் 125 − 1 = 124. வலது பக்கம் 3 × 30 + 3 × 10 + 4, அதாவது 90 + 30 + 4 = 124. சரி. இப்போ S(n)ஐ மட்டும் தனியா எடுக்கணும். −1ஐயும் −nஐயும் சேத்து −(n+1)ன்னு எழுதிட்டா எல்லாத்துலயும் (n+1) பொதுவா வந்துரும், இந்த ஒரு இடம் தெரிஞ்சா போதும், அடைப்பை எல்லாம் விரிச்சுப் பக்கம் பக்கமா எழுத வேண்டியதில்ல:

3S(n) = (n+1)³ − (n+1) − 3n(n+1)/2
= (n+1) [ (n+1)² − 1 − 3n/2 ]
= (n+1) [ n² + n/2 ]
= n(n+1)(2n+1)/2

மூணால வகுத்தா நம்ம ஃபார்முலா. ஊகம் எதுவும் இல்ல, யாரும் முன்னாடியே விடையைச் சொல்லித் தரல. 6 எங்கேர்ந்து வந்துச்சுன்னா, கன வித்தியாசத்துல k²க்கு முன்னாடி நின்ன 3, அப்புறம் T(n)ல இருக்கிற 2.

இதுல வழக்கமா சறுக்குற இடம் ரெண்டு. ஒண்ணு, இடது பக்கத்துல அந்த −1ஐ விட்டுர்றது, கடைசி இருப்பை எழுதிட்டு ஆரம்ப இருப்பைக் கழிக்க மறந்துர்ற மாதிரி. அப்படி விட்டா விடை எல்லா இடத்துலயும் சரியா 1/3 அதிகமா வரும், n = 1 போட்டாலே 4/3ன்னு வந்து காட்டிக் கொடுத்துரும், அதனால இது ஆபத்தில்லாத தப்பு. இன்னொண்ணு தான் விஷமம். வலது பக்கத்துல அந்த 1ஐ n தடவை கூட்டாம ஒரே ஒரு 1ஆவே விட்டுர்றது. இப்போ n = 1 போட்டா என்ன ஆகும்? 8 − 1 − 3 − 1 = 3, மூணால வகுத்தா 1. சரியா வந்துருச்சு! ஏன்னா n = 1ல nம் 1ம் ஒண்ணு தானே. n = 2 போட்டா தான் 27 − 1 − 9 − 1 = 16, மூணால வகுத்தா முழு எண் கூட வராது. முதல் எண்ணுக்கு மட்டும் சரிபார்த்துட்டு விட்டா இந்தத் தப்பு அப்படியே கூட வரும், அதனால குறைஞ்சது 2க்கும் ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க.

ரெண்டும் ஒண்ணு தான்னு தெரிஞ்ச இடம்

இதுவரைக்கும் என் கட்சி ஜெயிச்சுக்கிட்டு தான் இருந்துச்சு. அவகிட்ட "பாத்தியா, இது தான் கண்டுபிடிக்கிற வழி"ன்னு சொல்லி முடிச்சிருப்பேன். ஆனா அவளோட நோட்டுல இருந்த இண்டக்‌ஷன் படியைத் திரும்பப் பாத்தேன். அவ n−1க்கு உண்மைன்னு வச்சுக்கிட்டு அதோட n²ஐக் கூட்டி, பொதுக் காரணி எடுத்து, ரெண்டாம்படிக் கோவையைக் காரணிப்படுத்தி, எப்படியோ மல்லுக்கட்டி nக்குக் கொண்டுவந்திருந்தா. அந்த மல்லுக்கட்டல் தான் எதையும் காட்டாம மறைக்குது. அதையே கூட்டாம கழிச்சு எழுதிப் பாருங்களேன், தப்பு ஃபார்முலாவுக்குச் செஞ்ச மாதிரியே. ஆறால வகுக்கிறதைக் கொஞ்ச நேரம் ஓரமா வச்சுட்டு, n(n+1)(2n+1)ல இருந்து (n−1)n(2n−1)ஐக் கழிக்கணும். ரெண்டுலயும் n பொது. மிச்சம் இருக்கிறது:

(n+1)(2n+1) = 2n² + 3n + 1
(n−1)(2n−1) = 2n² − 3n + 1

கழிச்சா 2n² போச்சு, 1 போச்சு, மேல +3n கீழ −3n, மொத்தம் 6n. வெளிய இருக்கிற nஓட பெருக்கினா 6n². இதோ இருக்கு அந்த 6. அவ தேடினது அவளோட ப்ரூஃப்லயே தான் இருந்துச்சு, ஆனா கூட்டி எழுதினதால கண்ணுக்குத் தெரியல. n(n+1)(2n+1)ங்கிறது எப்பேர்ப்பட்ட கோவைன்னா, ஒரு படி ஏறும்போது சரியா 6n² மட்டும் ஏறும், வேற எந்தக் குப்பையும் சேந்து வராது. கனத்தை எடுத்தப்போ 3k² கூட 3k + 1ன்னு கூடுதலா ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துச்சு, அதைக் கழிக்கத் தான் அவ்வளவு வேலை. இந்தக் கோவை அந்தக் கழிவை எல்லாம் முன்னாடியே கழிச்சு வச்ச கனம், அவ்வளவு தான் வித்தியாசம்.

இப்போ யோசிச்சுப் பாருங்க, ஃபார்முலாவுக்கு Fன்னு பேரு வச்சுக்குவோம். இண்டக்‌ஷன் படி என்ன சொல்லுது, F(n) − F(n−1) = n². டெலஸ்கோப்பிங்குக்கு என்ன வேணும், F(n) − F(n−1) = n²ன்னு வர்ற ஒரு F. ஒரே சமன்பாடு. F தெரிஞ்சிருந்தா சரிபார்க்கிறோம், அதுக்குப் பேரு இண்டக்‌ஷன். தெரியலன்னா தேடுறோம், அதுக்குப் பேரு டெலஸ்கோப்பிங். இன்னொரு பக்கமும் இருக்கு, என் கட்சிக்காரங்க வசதியா மறந்துர்றது. டெலஸ்கோப்பிங்ல "நடுவுல எல்லாம் அடிபட்டுப் போகும்"னு மூணு புள்ளி வச்சுட்டு நகர்றோமே, n எவ்வளவு பெருசா இருந்தாலும் அடிபடும்னு யாராவது கறாரா நிரூபிக்கச் சொன்னா என்ன பண்ணுவோம்? n−1 வரைக்கும் கூட்டினா F(n−1) − F(0), அதோட F(n) − F(n−1)ஐச் சேத்தா F(n) − F(0). இது இண்டக்‌ஷன் தான், ரொம்ப எளிசா இருக்கிறதால புள்ளிக்குள்ள ஒளிஞ்சுக்குது.

இதைப் பாத்ததுக்கு அப்புறம் ஒரு வரலாற்றுச் செய்தி வேற மாதிரி தெரிஞ்சது. ஆரியபட்டர் 499லயே வர்க்கங்களோட கூட்டலுக்கும் கனங்களோட கூட்டலுக்கும் ஃபார்முலாவை ஒரே செய்யுள்ல சொல்லிட்டார், வர்க்கங்களுக்கு எண், அதோட ஒண்ணு கூட்டினது, அந்த ரெண்டையும் கூட்டினது, இந்த மூணையும் பெருக்கி ஆறுல ஒரு பங்கு எடுன்னு. எப்படி வந்துச்சுன்னு அந்தச் செய்யுள் சொல்லாது, விதியை மட்டும் தான் சொல்லும். ரொம்பப் பின்னாடி பாஸ்கல் 1654ல எண் முக்கோணத்தைப் பத்தி எழுதினப்போ இண்டக்‌ஷனை ரெண்டு படியாத் தெளிவாப் பிரிச்சு எழுதினார், அதே சமயத்துல எந்த அடுக்கோட கூட்டலையும் அதுக்கு அடுத்த அடுக்கோட வித்தியாசத்துல இருந்து எடுக்கிற வழியையும் எழுதினார். ரெண்டையும் ஒரே ஆள் ஒரே காலகட்டத்துல எழுதினது எனக்கு இப்போ தற்செயலாத் தெரியல.

அவ இன்னொண்ணு கேட்டா, அப்போ எத்தனை எண்ணுக்கு சரிபார்த்தா போதும், இல்ல எத்தனை பண்ணாலும் போதாதா? பொதுவா போதாது தான். ஆனா விடை மூணாம்படிக் கோவையா தான் இருக்கும்னு தெரிஞ்சுட்டா கதை மாறுது. அது நமக்குத் தெரியும், டெலஸ்கோப்பிங்ல (n+1)³ல இருந்து தானே வருது. F ஒரு மூணாம்படிக் கோவைன்னா F(n) − F(n−1) − n²ங்கிறது அதிகபட்சம் ரெண்டாம்படி. ரெண்டாம்படிக் கோவை மூணு இடத்துல பூஜ்யமானா அது எல்லா இடத்துலயும் பூஜ்யம். அதனால n = 0, 1, 2, 3 நாலுக்கும் F சரியா 0, 1, 5, 14ன்னு வந்தா முழு ப்ரூஃப் முடிஞ்சுருச்சு. அந்தத் தப்பு ஃபார்முலா 1, 2, 3ல பொருந்தினாலும் n = 0 போட்டா 2 வரும், அங்கயே மாட்டியிருக்கும்.

கனங்கள்

கனங்களுக்கும் அதே வழி தான், ஏணி மாதிரி ஒரு அடுக்கு மேல ஏறணும். நாலாம் அடுக்கு எடுத்துக்கணும்:

(k+1)⁴ − k⁴ = 4k³ + 6k² + 4k + 1

கூட்டினா (n+1)⁴ − 1 = 4C(n) + 6S(n) + 4T(n) + n. 6S(n)ங்கிறது n(n+1)(2n+1), 4T(n)ங்கிறது 2n(n+1). மறுபடியும் −1ஐயும் −nஐயும் சேத்து (n+1)ஐப் பொதுவா வெளிய எடுத்தா உள்ள (n+1)³ − 1 − n(2n+1) − 2n மிஞ்சும், அது n³ + 3n² + 3n − 2n² − 3n, அதாவது n³ + n². ஆக 4C(n) = n²(n+1)². நாலால வகுத்தா C(n) = T(n)². கனங்களோட கூட்டல், எண்களோட கூட்டலோட வர்க்கம். 1 + 8 + 27 + 64 = 100, அது 10².

ஏணி வழி சரி, ஆனா இந்த இடத்துல அது திருப்தி தரல. ஒவ்வொரு படியிலயும் கீழ் படி எல்லாம் கையில இருக்கணும், S(n)ல ஒரு குறி மாறினா கூட C(n) நாசம், அது போதாதுன்னு இவ்வளவு குப்பையைக் கழிச்சப்புறம் ஒரு முழு வர்க்கம் வந்து நிக்குது, ஏன்னே தெரியாம. முன்னாடி செஞ்ச மாதிரி இண்டக்‌ஷன் படியைக் கழிச்சு எழுதினா தான் ஏன்னு தெரியும். T(n)²ல இருந்து T(n−1)²ஐக் கழிக்கணும். ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசம், அதனால கழித்தலையும் கூட்டலையும் பெருக்கினா போதும்:

T(n)² − T(n−1)² = [T(n) − T(n−1)] × [T(n) + T(n−1)]

முதல் அடைப்பு n, அது T(n)க்கு அர்த்தமே அது தான். ரெண்டாவது அடைப்பு n(n+1)/2 + n(n−1)/2, +nம் −nம் அடிபட்டு n². பெருக்கினா n³. முடிஞ்சுது. அடுத்தடுத்த ரெண்டு முக்கோண எண்ணைக் கூட்டினா வர்க்கம் வரும், 6 + 10 = 16, 10 + 15 = 25ன்னு, அந்தப் பழைய விஷயம் தான் கனங்களோட கூட்டல் முழு வர்க்கமா வர்றதுக்குக் காரணம். என்னைக் கேட்டா இந்த ஒரு வரி அந்த ஏணி முழுசையும் விட மேல், இது இண்டக்‌ஷன் ப்ரூஃபா டெலஸ்கோப்பிங் ப்ரூஃபான்னு யாராவது கேட்டா எனக்குப் பதில் தெரியாது, பதில் தேவையும் இல்ல.

ஆரம்பப் படியைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா நிறையப் பேரு அதை சம்பிரதாயமா நினைக்கிறாங்க. T(n)² + 7ன்னு ஒரு ஃபார்முலா எழுதினா என்ன ஆகும்? கழிக்கும்போது 7ம் 7ம் அடிபட்டு n³ அச்சு அசலா வந்துரும், நடுப்படி கொஞ்சம் கூட சந்தேகப்படாது. வரவை மட்டும் பாத்தா ஆரம்ப இருப்பு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? n = 1 போட்டுப் பாத்தா 8 வரும், 1 தானே வரணும், அங்க மட்டும் தான் பிடிபடும்.

இதைக் கேட்டுட்டு அவ, வர்க்கத்துக்கு பதிலா T(n)³ எடுத்துக் கழிச்சா என்ன வரும் மாமான்னு கேட்டுட்டு அவளே எழுத ஆரம்பிச்சா. T(n)ஐ a, T(n−1)ஐ bன்னு வச்சா a³ − b³ = (a − b)(a² + ab + b²). a − b = n. ரெண்டாவதை (a + b)² − abன்னு மாத்தி எழுதலாம், a + b = n²ன்னு ஏற்கனவே தெரியும், abங்கிறது n²(n² − 1)/4. போட்டா n × [n⁴ − n²(n² − 1)/4], அதாவது (3n⁵ + n³)/4. கூட்டினா இடது பக்கம் T(n)³, வலது பக்கம் அஞ்சாம் அடுக்குக் கூட்டலோட மூணு மடங்கும் C(n)ம் சேந்து நாலுல ஒரு பங்கு. C(n) தான் T(n)²ன்னு கையில இருக்கே:

1⁵ + 2⁵ + … + n⁵ = (4T³ − T²)/3

n = 3க்கு T = 6, (864 − 36)/3 = 276. 1 + 32 + 243ம் 276 தான். நாலாம் அடுக்கைத் தொடாமயே அஞ்சாம் அடுக்குக்குப் போயிட்டா. ஏணியில வந்திருந்தா நாலாம் அடுக்கோட கூட்டலை முதல்ல கண்டுபிடிச்சே ஆகணும், அந்த ஃபார்முலாவோட அடியில 30 வேற உக்காந்திருக்கும்.